பங்குகளில் எவ்வளவு போடலாம்: மனம் தாங்குவது வேறு, குடும்பம் தாங்குவது வேறு

மியூச்சுவல் ஃபண்டு செயலியில் கணக்குத் தொடங்கினாலும், முதலீட்டு ஆலோசகரிடம் போனாலும், முதலில் ஒரு கேள்வித்தாள் வரும். வயது, வருமானம், முதலீட்டு அனுபவம், சந்தை 20% விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று பத்துப் பன்னிரண்டு கேள்விகள் இருக்கும். பதில்களுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டி, கடைசியில் 'மிதமானவர்', 'துணிச்சலானவர்' என்று ஒரு பெயரும், பக்கத்தில் 60% பங்குகள், 40% வைப்புநிதி என்று ஒரு விகிதமும் கொடுப்பார்கள். பலர் அந்த விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்த ஒற்றை மதிப்பெண்ணுக்குள் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் பங்குகளின் பங்கை முடிவு செய்வது தவறான இடத்தில் கொண்டுபோய் விடும்.

## இரண்டு கேள்விகள்

1. ரிஸ்க் மனநிலை. போட்ட பணம் கண்ணெதிரே குறையும்போது, விற்காமல் இருக்க உங்களால் முடியுமா? இது சுபாவம், அனுபவம், தூக்கம் சம்பந்தப்பட்டது.

2. ரிஸ்க் தாங்குதிறன். அந்தப் பணம் குறைந்து, பல ஆண்டுகள் குறைந்தே கிடந்தாலும், குடும்பம் கட்ட வேண்டிய பணமெல்லாம் நேரத்துக்குக் கட்டப்படுமா? இது வருமானம், செலவு, கடன், கால அவகாசம் சம்பந்தப்பட்டது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும்.

மிகவும் தைரியசாலியான ஒருவருக்குத் தாங்குதிறன் சுத்தமாக இல்லாமல் இருக்கலாம். அடுத்த ஆண்டு மகள் திருமணத்துக்கு வைத்திருக்கும் பணத்தை, அவர் எவ்வளவு நெஞ்சுரம் உள்ளவராக இருந்தாலும், சந்தையில் வைக்க முடியாது. திருமணத் தேதி சந்தைக்காகக் காத்திருக்காது. மறுபக்கம், நிலையான சம்பளமும் கடனில்லாத வீடும் முப்பது ஆண்டு அவகாசமும் உள்ள ஒருவர், ஆயிரம் ரூபாய் குறைந்தாலே பதறலாம்.

இந்த வேறுபாடு இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது. முதலீட்டு ஆலோசகர்களுக்காக 2013-ல் செபி கொண்டுவந்த விதிமுறைகள், வாடிக்கையாளரின் இழப்பைத் தாங்கும் திறனை மதிப்பிட வேண்டும் என்றும், போட்ட முதல் குறைவதை ஏற்க அவருக்கு விருப்பமில்லையா அல்லது இயலாதா என்று கண்டறிய வேண்டும் என்றும் சொல்கின்றன. சில பதில்களுக்கு மட்டும் பொருத்தமற்ற முக்கியத்துவம் கொடுத்துவிடக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கின்றன.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். ஃபண்டு விளம்பரங்களில் வண்டியின் வேகமானி போல ஒரு படம் இருக்கும். அதுதான் ரிஸ்க்கோமீட்டர். 'குறைவு' முதல் 'மிக அதிகம்' வரை ஆறு நிலைகள் அதில் உண்டு. அது அளப்பது அந்த ஃபண்டின் ரிஸ்க்கை மட்டுமே. உங்களைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

## சராசரி எடுப்பதில் உள்ள கோளாறு

இரண்டு குடும்பங்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இருவரும் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் இந்த நிலையில் இருப்பவர்கள் ஏராளம்.

முதலாமவர் கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். வயது 57. அடுத்த ஆண்டு ஓய்வு. பி.எஃப். பணமும் மற்ற சேமிப்பும் சேர்ந்து 1 கோடி ரூபாய். இருபது ஆண்டுகளாகப் பங்குகள் வாங்கி விற்றவர், எந்த வீழ்ச்சியிலும் பதறாதவர்.

இரண்டாமவர் மதுரையில் அரசுப் பள்ளி ஆசிரியை. வயது 34. கடன் இல்லை. சேமிப்பு 12 லட்சம், அத்தனையும் வைப்புநிதியில். 2020-ல் ஒரு ஃபண்டில் இருந்த பணத்தை மார்ச் மாத வீழ்ச்சியில் விற்றுவிட்டு வெளியே வந்தவர்.

கேள்வித்தாளில் முதலாமவருக்கு வயதினால் மதிப்பெண் குறையும், துணிச்சலால் கூடும். ஆசிரியைக்கு வயதினால் கூடும், பயத்தால் குறையும். கூட்டிப் பார்த்தால் இருவரும் 'மிதமானவர்' என்ற ஒரே கட்டத்தில் வந்து விழலாம். இருவருக்கும் ஒரே விகிதம் கிடைக்கும். அவருக்கு அது மிக அதிகம். அந்த அம்மாவுக்கோ, கணக்குப்படி குறைவாகவும் மனசுப்படி அதிகமாகவும் இருக்கும். ஒருவரின் தைரியம் அவருடைய செலவுகளை ஈடுகட்டாது. ஆகவே இரண்டையும் கூட்டி வகுப்பதில் அர்த்தமே இல்லை. தனித்தனியாக அளந்து, எது சிறியதோ அதை எல்லையாக வைக்க வேண்டும்.

## தாங்குதிறனைக் கணக்கிடுவது

கணக்குக்கு முன்னால், எவ்வளவு மோசமான வீழ்ச்சிக்குத் தயாராவது என்று தீர்மானிக்க வேண்டும். இதற்கு ஊகம் தேவையில்லை, நம் சந்தையே காட்டியிருக்கிறது. 2008 ஜனவரியில் சென்செக்ஸ் 20,800-க்கு மேல் முடிவடைந்தது. 2009 மார்ச்சில் 8,160-க்கு வந்தது. வீழ்ச்சி சுமார் 60%. பழைய உச்சத்தை 2010 தீபாவளி நேரத்தில் ஒருமுறை தொட்டுவிட்டு மறுபடி இறங்கியது. அதைத் தாண்டி நிலைத்தது 2014-ல்தான். டிவிடெண்டைச் சேர்க்காமல் பார்த்தால் ஆறு ஆண்டுகள்.

எனவே நம் சோதனை இது: பங்குகள் 60% விழுகின்றன, ஆறு ஆண்டுகளுக்கு அவற்றைத் தொட முடியாது. இதுதான் உலகின் எல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஜப்பானின் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கேய் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தைத் தாண்ட 2024 பிப்ரவரி வரை ஆனது. இந்தச் சோதனையும் சென்செக்ஸ் போன்ற பெரிய நிறுவனப் பங்குகளுக்குத்தான். சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டுகள் இதைவிட ஆழமாக விழக்கூடும்.

இப்போது கோவைக்காரரின் கணக்கு. ஓய்வுக்குப் பின் வீட்டுச் செலவு மாதம் 55,000 ரூபாய். இ.பி.எஸ். பென்ஷன் 5,000. துண்டு விழுவது மாதம் 50,000, ஆண்டுக்கு 6 லட்சம்.

1. ஆறு ஆண்டு வீட்டுச் செலவின் துண்டு: 36 லட்சம். விலைவாசி ஏறும்தான். ஆனால் பாதுகாப்பான முதலீட்டின் வட்டி அதை ஏறக்குறைய ஈடுகட்டும் என்று வைத்துக்கொள்கிறோம்.
2. மகனின் முதுநிலைப் படிப்புக் கட்டணம், அடுத்த ஆண்டு: 12 லட்சம்.
3. மருத்துவக் காப்பீடு போக, கையில் வைக்க வேண்டிய ஆஸ்பத்திரிச் செலவு: 7 லட்சம்.

மொத்தம் 55 லட்சம். இந்தப் பணம் வைப்புநிதி, அஞ்சலகத் திட்டம், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் போன்ற இடங்களில்தான் இருக்க வேண்டும். மீதி 45 லட்சம் பங்குகளில் இருக்கலாம். அவருடைய தாங்குதிறன் 45%.

அவர் விரும்பும் 70%-ஐ வைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பாதுகாப்பான பக்கத்தில் 30 லட்சம்தான். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் 19 லட்சத்தை ஒதுக்கினால் மிச்சம் 11 லட்சம், அதாவது இருபத்திரண்டு மாதச் செலவு. அது தீர்ந்த பிறகும் சந்தை பழைய விலையின் பாதியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுச் செலவான 6 லட்சம் வேண்டுமானால், முன்பு 12 லட்சம் மதிப்பிருந்த யூனிட்டுகளை விற்க வேண்டும். மூன்று ஆண்டு அப்படி ஓடினால், 70 லட்சத்தில் 36 லட்சம் மதிப்புள்ள யூனிட்டுகள் கைவிட்டுப் போய்விடும். பிறகு சந்தை முழுதாக மீண்டு வந்தாலும் அவரிடம் இருப்பது 34 லட்சத்துக்கான யூனிட்டுகள்தான். சந்தை மீண்டது, அவர் மீளவில்லை.

2008-ல் நிலைமை இவ்வளவு நீளவில்லை என்பது உண்மை. அடித்தளத்திலிருந்து ஓராண்டிலேயே சந்தை இரட்டிப்புக்கு மேல் ஏறிவிட்டது. ஆனால் அடுத்த வீழ்ச்சியும் அதே வேகத்தில் எழும் என்று எழுதிக் கொடுக்க யாருமில்லை. ஓய்வு பெறும் ஆண்டை ஒட்டி வரும் வீழ்ச்சி மற்ற எந்த வீழ்ச்சியையும்விடக் கொடியது. சேமிப்பு அப்போதுதான் மிகப் பெரிதாக இருக்கும், சம்பளம் அப்போதுதான் நின்றிருக்கும்.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் அவருடைய தைரியம் எந்த வரியிலும் வரவில்லை. அவர் பதறி விற்கவில்லை. சாப்பாட்டுக்காக விற்றார்.

## 'எனக்குத் தேவைப்படுகிறதே' என்ற வாதம்

கோவைக்காரர் ஒரு நியாயமான கேள்வி கேட்பார். படிப்புக் கட்டணம் போக 88 லட்சம். ஆண்டுக்கு 6 லட்சம் எடுத்தால், வட்டியும் விலைவாசியும் சரிக்குச் சரி போனால், பதினைந்து ஆண்டு கூட வராது. எழுபத்து மூன்று வயதுக்குள் பணம் தீர்ந்துவிடும். அதனால்தான் பங்குகளில் கூடுதலாகப் போடுகிறேன் என்பார்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அவர் சொல்வது மூன்றாவது விஷயம், தேவை. அதிக வருமானம் தேவைப்படுகிறது என்பதால் இழப்பைத் தாங்கும் திறன் கூடிவிடாது. சொல்லப்போனால் பணம் போதாதவருக்குத்தான் திறன் குறைவு, ஏனென்றால் அவரிடம் இழக்க உபரி இல்லை. தேவைக்கும் திறனுக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பங்குகளைக் கொண்டு நிரப்ப முயன்றால், பற்றாக்குறை பேரிழப்பாக மாறும் வாய்ப்பு கூடுகிறது.

பள்ளத்தை நிரப்பும் வழிகள் முதலீட்டுக்கு வெளியே இருக்கின்றன. அவர் ஓய்வுக்குப் பின் நான்கு ஆண்டுகள் பகுதிநேரமாக வேலை பார்த்து மாதம் 25,000 சம்பாதிக்கிறார் என்று வைப்போம். துண்டு ஆண்டுக்கு 3 லட்சமாகக் குறைகிறது. ஆறு ஆண்டுக்குத் தேவை: முதல் நான்கு ஆண்டுக்கு 12 லட்சம், அடுத்த இரண்டுக்கு 12 லட்சம், ஆக 24 லட்சம். படிப்பும் மருத்துவமும் சேர்த்தால் 43 லட்சம். பங்குகளுக்கு 57 லட்சம் வரை இடம் கிடைக்கிறது. சேமிப்பும் மெதுவாகக் கரைகிறது. மகன் கல்விக்கடன் எடுத்துத் தானே கட்டினாலும் இதே திசையில் மாற்றம் வரும். இவை தாங்குதிறனை உண்மையிலேயே கூட்டுகின்றன.

ஆனால் அந்தப் பகுதிநேர வேலை எங்கே என்பதையும் பார்க்க வேண்டும். சந்தை விழும் காலத்தில்தான் நிறுவனங்கள் ஆட்களைக் குறைக்கும். வருமானமும் முதலீடும் ஒரே காரணத்தால் ஒரே நேரத்தில் சரிந்தால், அந்த வருமானத்தைக் கணக்கில் முழுதாகச் சேர்க்கக் கூடாது. ஏற்றுமதி நிறுவனம், ஐ.டி., கட்டுமானம், கமிஷன் வேலை எல்லாம் இந்த வகை. தான் வேலை பார்க்கும் நிறுவனத்தின் பங்குகளையே நிறைய வைத்திருப்பவர் நிலைமை இன்னும் மோசம்.

## மனநிலையை அளப்பது

ஆசிரியையின் தாங்குதிறன் பெரியது. சம்பளம் 60,000, செலவு 35,000, மாதம் 25,000 மிச்சம். ஆறு மாதச் செலவு 2.1 லட்சம், அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு 2 லட்சம் என்று ஏறக்குறைய 4 லட்சத்தை ஒதுக்கினால் போதும். மீதி 8 லட்சத்தையும் பங்குகளில் வைத்து, அதில் 60% கரைந்தாலும் இழப்பு 4.8 லட்சம். இருபது மாதச் சேமிப்பில் அது திரும்பிவிடும். ஓய்வுக்கு இன்னும் இருபத்தாறு ஆண்டு இருக்கிறது. சந்தை விழுந்தாலும் அரசுச் சம்பளம் வந்துகொண்டே இருக்கும்.

ஆக, கணக்கு 67% வரை அனுமதிக்கிறது. அதற்காக நாளைக்கே 8 லட்சத்தை மாற்றச் சொன்னால், அடுத்த வீழ்ச்சியில் அவர் அடிமட்டத்தில் விற்பார். மனநிலை என்ற எல்லை இங்கே உண்மையானது.

அதை எப்படி அளப்பது? 'சந்தை 20% விழுந்தால் என்ன செய்வீர்கள்' என்ற கேள்வி பெரும்பாலும் பயன்படாது. சந்தை ஏறிக்கொண்டிருக்கும் நாட்களில் எல்லோரும் 'இன்னும் வாங்குவேன்' என்றுதான் குறிப்பார்கள். அதைவிட நம்பத்தகுந்தவை இரண்டு.

1. பழைய கணக்கறிக்கை. 2020 ஜனவரி உச்சத்திலிருந்து மார்ச் 23 வரை, பத்து வாரங்களில் சென்செக்ஸ் சுமார் 38% விழுந்தது. அந்தக் கடைசி ஒருநாளில் மட்டும் 13%. நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டியது. அந்த மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் உங்கள் கணக்கில் என்ன நடந்தது என்று எடுத்துப் பாருங்கள். விற்றீர்களா? எஸ்.ஐ.பி. என்ற மாதாந்திர முதலீட்டை நிறுத்தினீர்களா? அப்போது போட்டிருந்த தொகை எவ்வளவு என்பதும் முக்கியம். 20,000 ரூபாயில் காட்டிய தைரியம் 20 லட்சத்துக்குப் பொருந்தாது. 2020-க்குப் பிறகு சந்தைக்கு வந்தவர்களுக்கு இந்தச் சோதனையே நடக்கவில்லை. அவர்கள் தங்களைத் துணிச்சலானவர் என்று நினைப்பதற்கு இன்னும் ஆதாரமில்லை.

2. சதவீதத்தை ரூபாயாக மாற்றிக் கேட்பது. '60% வீழ்ச்சி' என்று சொன்னால் மனசில் ஒன்றும் தைக்காது. '12 லட்சத்தில் எவ்வளவு போனால் தூங்க முடியாது' என்று கேட்டால் உண்மையான எண் வரும். கணவன், மனைவி இருவரும் தனித்தனியாக எழுத வேண்டும். சிறிய எண்தான் அந்த வீட்டின் எண். வீழ்ச்சி நேரத்தில் 'வித்துடுங்க' என்ற குரல் அந்த எண்ணுக்கு உரியவரிடமிருந்துதான் வரும்.

ஆசிரியை 2020-ல் 3 லட்சம் வைத்திருந்தார். சுமார் ஒரு லட்சம் குறைந்தபோது விற்றார். இப்போது கேட்டால் 1.5 லட்சம் வரை பொறுப்பேன் என்கிறார். 60% வீழ்ச்சியில் 1.5 லட்சம் குறைய வேண்டுமானால், பங்குகளில் 2.5 லட்சம் இருக்கலாம். அதாவது 21%. அவருக்கான தொடக்கம் அதுதான், 67% அல்ல.

## இரண்டும் மோதும்போது

இரண்டு மோதல்களும் ஒரே மாதிரி இல்லை.

மனம் பெரிது, திறன் சிறிது என்றால், கோவைக்காரர் போல, திறன் கண்டிப்பான எல்லை. பேச்சுவார்த்தைக்கு இடமில்லை. தைரியத்தைக் காட்ட விரும்பினால் அந்த 45 லட்சத்துக்குள் காட்டிக்கொள்ளட்டும்.

திறன் பெரிது, மனம் சிறிது என்றால், இன்றைய எல்லை மனம்தான். ஆனால் இந்த எல்லை நகரக்கூடியது. நகர்த்தாவிட்டால் அதற்கும் விலை உண்டு, அது எந்த அறிக்கையிலும் இழப்பாகத் தெரியாது. மாதம் 10,000 ரூபாயை இருபத்தாறு ஆண்டு 6.5% வட்டியில் போட்டால் சுமார் 81 லட்சம் சேரும். பங்குகள் நீண்டகாலத்தில் 10% தரும் என்று வைத்துக்கொண்டால் (உத்தரவாதம் எதுவுமில்லை) அதே தொகை ஏறக்குறைய 1.48 கோடியாகும். ஆசிரியை கணக்குப் பார்த்து, 'எனக்கு 81 லட்சம் போதும், நிம்மதி முக்கியம்' என்று முடிவெடுத்தால் அது முழுக்க நியாயம். கணக்கே பார்க்காமல் பயத்தால் ஒதுங்குவதுதான் வருத்தத்துக்குரியது.

எல்லையை நகர்த்த விரும்பினால் அறிவுரை உதவாது, அனுபவம் உதவும். 2.5 லட்சத்தில் தொடங்கி, மாதச் சேமிப்பில் 5,000 ரூபாயைப் பங்கு ஃபண்டுக்கு அனுப்பலாம். சந்தை 10, 15 சதவீதம் இறங்குவது அடிக்கடி நடப்பதுதான். அப்படி ஒன்றை விற்காமல் கடந்த பிறகு தொகையைக் கூட்டலாம். ஏற்றத்தைப் பார்த்துவிட்டுக் கூட்டுவது இதற்கு நேர்மாறானது. அப்போது கூடியிருப்பது ஆசை, தாங்கும் மனம் கூடியதற்குச் சாட்சியில்லை.

## எப்போது மறுபடி கணக்கிடுவது

தாங்குதிறன் சந்தையைப் பார்த்து மாறாது, வாழ்க்கையைப் பார்த்து மாறும். புதுக் கடன், குழந்தை, வேலை மாற்றம், பெற்றோரின் நோய், ஓய்வு நெருங்குவது ஆகியவை வந்தால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். குடியிருக்கும் வீட்டின் விலை ஏறியது என்பதற்காகத் திறனைக் கூட்டக் கூடாது. அதில் ஒரு அறையை விற்றுக் கட்டணம் கட்ட முடியாது. நகை வேறு. அவசரத்தில் அடகு வைத்து, பங்குகளை அடிவிலையில் விற்பதைத் தள்ளிப்போட அது உதவும். வட்டியைக் கட்ட வருமானம் இருந்தால் மட்டுமே.

கோவைக்காரருக்கு இன்னொரு வேலை ஆண்டுதோறும் உண்டு. ஒரு வருடம் செலவு செய்தபின் அவருடைய ஆறு ஆண்டு இருப்பு ஐந்தாகிவிடும். சந்தை உச்சத்தை ஒட்டி இருந்தால், பங்குகளில் 6 லட்சத்தை விற்று இருப்பை மறுபடி ஆறாக்க வேண்டும். சந்தை ஆழமாக விழுந்திருந்தால் விற்கக் கூடாது, இருப்பைக் கரைய விட வேண்டும். அந்த இருப்பு இருப்பதே அதற்காகத்தான். ஆகவே அவர் கண்காணிக்க வேண்டிய எண் 45% என்ற விகிதம் அல்ல. சந்தை நன்றாக ஏறி விகிதம் 55% ஆனாலும், பாதுகாப்பான பக்கத்தில் ஆறு ஆண்டுச் செலவு அப்படியே இருந்தால் அவருடைய திறன் குறையவில்லை. விகிதம் 30%-க்கு இறங்கியிருந்தாலும், அந்த இருப்பு மூன்று ஆண்டாகச் சுருங்கியிருந்தால், செலவைக் குறைப்பது பற்றி வீட்டில் பேச வேண்டிய நேரம் அது.